எட்டாம் நாள் எவ்வளவு?

தீபாவளி நெருங்கும்போது சிவகாசி, விருதுநகர், சாத்தூர் வட்டாரத்தில் துணிக்கடை நோட்டீஸோடு ஜிம் நோட்டீஸும் வீட்டு வாசலுக்கு வருகிறது. போனஸ் பணம் கைக்கு வரும் காலம் என்பது ஜிம் நடத்துபவர்களுக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஒரு நோட்டீஸைத் திருத்தி எழுதினால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று பார்க்கலாம். பெயரும் தொகைகளும் நான் வைத்தவை. வார்ப்பு மட்டும் எல்லோரும் பார்த்தது.

ஏ5 தாள், நாலு கலர். மேலே மஞ்சளில் ‘7 நாள் இலவசம்!’, நடுவில் ‘மாதம் ரூ.499 மட்டுமே!’, ஓரத்தில் ஒரு க்யூஆர் கோடு. அடியில் சிவப்புத் தளத்தில் வெள்ளையாக ஒரு வரி, அதுவும் ஆங்கிலத்தில்: நிபந்தனைகளுக்கு உட்பட்டது. அச்சுத் தொழில் தெரிந்த ஊருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆறு பாயிண்ட் எழுத்தை நாலு கலர் தளத்தில் ரிவர்ஸில் விட்டால், ரிஜிஸ்டர் மயிரிழை விலகினாலும் எழுத்து அடைத்துப்போகும். ஆங்கிலத்துக்குப் பதிலாகத் தமிழிலேயே போட்டிருந்தாலும் முதலில் மறைவது புள்ளியும் சுழியும்தான். அந்த வரியைப் படிக்க முடியாதது தற்செயல் அல்ல.

அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இது. மாதம் 499 என்பது ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் மட்டும். 12 மாதத்துக்கு 5,988, சேர்க்கைக் கட்டணம் 500, ஆக 6,488. அதன்மேல் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம், யோகா மையங்களுக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதைச் சேர்த்தால் ரூ.6,812. மாதத்துக்கு 499 அல்ல, ஏறக்குறைய 568. இரண்டாம் ஆண்டு சலுகை கிடையாது: மாதம் 799 என்ற வழக்கமான விலைக்கு வரியோடு ரூ.10,067. இலவச ஏழு நாளுக்குப் பதிவு செய்ய க்யூஆரை ஸ்கேன் பண்ணி யுபிஐ ஆட்டோபே-க்கு ஒப்புதல் கொடுக்க வேண்டும். 15,000 ரூபாய்க்கு உட்பட்டது என்பதால் அடுத்த ஆண்டு பின் நம்பர் கேட்காமலே பணம் போய்விடும்.

இப்போது தேதிகளைப் போட்டுப் பாருங்கள். 2025 அக்டோபர் 13-இல் ஒருவர் சேர்ந்தார் என்று வைப்போம். தீபாவளிக்கு முந்தைய வாரம். பட்டாசுக் கடையிலும் காலண்டர் அச்சகத்திலும் மூச்சு விட நேரமில்லாத வாரம். ஏழு நாளில் இரண்டு நாள் போயிருந்தால் பெரிது. எட்டாம் நாள் அக்டோபர் 20, தீபாவளியன்றே 6,812 ரூபாய் கழிகிறது. மறு ஆண்டு புதுப்பிப்பு 2026 அக்டோபர் 20. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8. போனஸை நம்பிச் சேர்ந்தவருக்கு, போனஸ் கைக்கு வரும் முன்பே பத்தாயிரம் ரூபாய் போய்விடலாம். வாரச் சம்பளத்தில் வாழும் வீட்டில் அது சிறு தொகை அல்ல.

திருத்தி எழுதினால் நோட்டீஸ் இப்படி இருக்கும்:

‘7 நாள் பயிற்சி இலவசம். பணமும் வேண்டாம், ஆட்டோபேயும் வேண்டாம். தொடர விரும்பினால் முதல் ஆண்டுக்கு மொத்தம் ரூ.6,812, எல்லாம் சேர்த்து. இரண்டாம் ஆண்டு ரூ.10,067; நீங்கள் கேட்டால் மட்டுமே புதுப்பிப்போம்.’

ஆட்டோபேயை விட மனமில்லாத உரிமையாளர் கடைசி வரியை மாற்றலாம்: ‘2026 அக்டோபர் 20-இல் உங்கள் கணக்கிலிருந்து ரூ.10,067 எடுக்கப்படும். வேண்டாமென்றால் அதற்கு முன் இந்த எண்ணுக்கு நிறுத்து என்று வாட்ஸ்அப் அனுப்பினால் போதும்.’ நோட்டீஸில் ஒரே தேதி போட முடியாது என்பார்கள். நியாயம்தான், ஆகவே நோட்டீஸில் தொகையும், சேரும்போது கொடுக்கும் ரசீதில் தேதியும் இருக்கட்டும்.

இது வெறும் நல்லெண்ணம் அல்ல, சட்டமும் கேட்பது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 விளம்பர வழிகாட்டுதல்படி, விளம்பரம் எந்த மொழியில் வாக்குக் கொடுக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் நிபந்தனையும் இருக்க வேண்டும். தமிழில் ‘இலவசம்’ என்று கூவிவிட்டு ஆங்கிலத்தில் முணுமுணுப்பது அதற்கு மாறானது. இணைய வழி விற்பனையில் நுகர்வோரைச் சிக்கவைக்கும் உத்திகளுக்கு எதிராக 2023 நவம்பர் 30-இல் வந்த வழிகாட்டுதல், இலவசச் சந்தாவுக்கே பணம் எடுக்கும் ஒப்புதலைக் கட்டாயமாக வாங்குவதைச் சந்தாப் பொறி என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஏமாந்தவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

திருத்திய நோட்டீஸ் தேறியதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஜிம் பக்கமே போகாத ஒருவரிடம் கொடுத்து அரை நிமிடம் கழித்து வாங்கிவிட வேண்டும். இன்று எவ்வளவு கட்ட வேண்டும், அடுத்து எப்போது எவ்வளவு போகும், நிறுத்த என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டால் எழுத்தைப் பெரிதாக்கிப் பயனில்லை. வரியை மாற்ற வேண்டும்.

ஆனால் எழுத்தால் ஆகாத காரியமும் இருக்கிறது. அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களை ஆராய்ந்து டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதக் கட்டணம் கட்டியவர்கள் ஒரு முறை போக 17 டாலருக்கு மேல் செலவழித்திருந்தார்கள். பத்து முறைச் சீட்டு வாங்கியிருந்தால் ஒரு முறைக்குப் பத்து டாலர்தான் ஆகியிருக்கும். கடைசியாகப் போன நாளுக்கும் ரத்து செய்த நாளுக்கும் நடுவே சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியிருந்தது. இவர்கள் விலை தெரியாமல் ஏமாந்தவர்கள் அல்லர். நாளை முதல் போவோம் என்று நம்பியவர்கள். நோட்டீஸ் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சேரும் நாளில்தான் அதைப் படிக்கிறோம். பணம் போவது ஓராண்டு கழித்து. ரிசர்வ் வங்கி விதிப்படி 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும், வரவும் செய்கிறது. கடன் வேண்டுமா, ரீசார்ஜ் முடிகிறது என்ற குறுஞ்செய்திகளுக்கு நடுவே அதுவும் ஒன்றாகக் கிடக்கிறது. ஜிம்மிலிருந்தே பத்து நாள் முன்பு தமிழில் ஒரு செய்தி, ‘போன மாதம் நீங்கள் வந்தது இத்தனை நாள்’ என்ற கணக்கோடு வந்தால் அது நோட்டீஸைவிட அதிகம் காப்பாற்றும்.

உரிமையாளரின் சங்கடத்தையும் ஒதுக்க முடியாது. 6,812 என்று நேர்மையாக அச்சடித்தவருக்குப் பக்கத்துத் தெருவில் ‘499 மட்டுமே’ இருந்தால் முதல் மாதம் கூட்டம் அங்கேதான் போகும். மாத விலையைக் கைவிடாமல் ‘மாதம் ரூ.568, ஓராண்டுக்கு மொத்தமாக ரூ.6,812’ என்று இரண்டையும் ஒரே அளவில் போடுவதுதான் எனக்கு நடைமுறையாகப் படுகிறது. யோகா வகுப்புகளில் இந்தச் சிக்கல் குறைவு. மாதாமாதம் கையில் காசு வாங்கும் வழக்கம் பலரையும் காப்பாற்றுகிறது.

கையில் காசு வாங்கும் இடங்களுக்கு வேறொரு மறைவு உண்டு. தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகளில் வேலை நிற்கும் நாட்கள் வருகின்றன. 2018 அக்டோபரில் பட்டாசு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் மாதக்கணக்கில் ஆலைகள் மூடிக் கிடந்ததும் இந்த வட்டாரம் கண்டதுதான். வருமானம் நின்ற மாதத்தில் ஜிம்மை நிறுத்தியவர் திரும்பி வரும்போது மறுபடியும் சேர்க்கைக் கட்டணம் 500 கேட்பார்கள். இது எந்த நோட்டீஸிலும் இருப்பதில்லை, கேட்டால்தான் தெரியும். புதுப்பிப்புத் தொகையைப் பெரிய எழுத்தில் போடுபவர், ‘வேலை இல்லாத மாதம் லீவு எடுக்கலாம், திரும்பச் சேரக் கட்டணம் இல்லை’ என்றும் போடட்டும். ஓர் உறுப்பினருக்கு 500 ரூபாய் வரவு குறையும். அவர் திரும்பி வந்தால் அந்த ஒரே மாதக் கட்டணத்தில் அது நேராகிவிடும்.