மௌனம் யாருடைய ரசனை? பழவேற்காட்டுப் பள்ளிப் படம் ஒன்றின் துக்கக் காட்சி குறித்து

மிகையுணர்ச்சி வேண்டாம், அடக்கி வாசியுங்கள் என்பது இன்று குறும்படம் எடுக்கவரும் எல்லோருக்கும் சொல்லப்படுகிற அறிவுரை. தமிழ் வணிக சினிமா அழுதழுது நம்மைக் களைக்கவைத்திருப்பதால் இந்த அறிவுரையில் நியாயம் இருக்கிறது. ஆனால் ‘அடக்கம்’ என்பது யாருடைய அடக்கம் என்று நாம் கேட்பதேயில்லை. சாவு வீட்டில் சத்தமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொள்வது மத்தியதர வர்க்கத்து நாகரிகம். பழவேற்காட்டுக் குப்பங்களில் சாவு என்றால் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். அந்தச் சத்தத்தை அழித்துவிட்டு ‘உண்மையான’ துக்கம் எடுத்தோம் என்று சொன்னால், அதுவும் ஒரு பொய்தான்.

இதை நான் எழுதக் காரணம், ஏரிக்கரைக் குப்பம் ஒன்றின் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு நிமிடப் படத்திற்காக எழுதிய பிரதி. கதை எளியது. முகத்துவாரத்தில் அலை தூக்கிப் படகு கவிழ்ந்து ஒருவர் செத்துப்போகிறார். மனைவி, பன்னிரண்டு வயது மகன். நான் பார்த்த முதல் வடிவில் துக்கக் காட்சி இப்படி இருந்தது: மழை பெய்கிறது, அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள், மாலை போட்ட படத்தைப் பையன் பார்க்கிறான், ‘அப்பா இனிமே வரவே மாட்டாரா?’ என்கிறான், பின்னணியில் வயலின்.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. துக்கத்தின் பிம்பம் அவர்களுக்கு வெளியிலிருந்து வந்திருக்கிறது. சுனாமிக்குப் பின் 28 டிசம்பர் 2004 அன்று கடலூரில் ஆர்கோ தத்தா எடுத்த புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதும் பெற்றது. ஒரு பெண் மண்ணில் விழுந்து கிடக்கிறாள், இறந்தவரின் கை மட்டும் சட்டகத்தின் ஓரத்தில் தெரிகிறது. வலிமையான படம், மறுக்கவில்லை. ஆனால் காமிரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நின்றுகொண்டிருக்கும் ஒருவர், கிடப்பவளைக் குனிந்து பார்க்கிற உயரம் அது. வெளியிலிருந்து வந்தவரின் உயரம். 25 டிசம்பர் 2011 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தபோதும் செய்திக் காமிராக்கள் தேடிப்போனது அழுகிற முகங்களைத்தான். அந்த ஊரிலேயே வாழ்கிற பிள்ளைகள் ஏன் அதே இடத்தில் போய் நிற்கவேண்டும்?

மிகையுணர்ச்சிக்கு எதிராக நம் சூழலில் எடுத்துக்காட்டப்படும் படம் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955). அதில் ஹரிஹர் வெகுநாள் கழித்து வீடு திரும்புகிறான். துர்கா இறந்தது அவனுக்குத் தெரியாது. வாங்கிவந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறான். துர்காவுக்கு வாங்கிய சேலை வருகிறபோது சர்வஜயா உடைகிறாள். அவளுடைய அலறலை ராய் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தார்ஷெனாயின் உச்ச ஒலியை வைத்தார். கவனியுங்கள், அது மௌனமே அல்ல. படத்தின் மிகச் சத்தமான இடங்களில் ஒன்று. அந்தக் காட்சி பொய்யாகாமல் நிற்பதற்குக் காரணம் சத்தம் குறைவு என்பதல்ல, அந்தச் சேலை. கொடுக்க ஆள் இல்லாத பொருள். சாவு நடந்துவிட்டது என்பதைக் கைகள் முதலில் தெரிந்துகொள்கின்றன, முகம் பிறகுதான்.

பிரதியை மறுபடி எழுதுகையில் பிள்ளைகளிடம் நான் கேட்டது ஒன்றுதான்: அந்த வீட்டில் தினம் அவருக்காக நடந்துகொண்டிருந்த ஒரு சின்ன வேலை என்ன? பல பதில்கள் வந்தன. ஒரு மாணவி சொன்னாள்: ‘காசு எங்கம்மா கையிலதான் சார் இருக்கும். காலைல அப்பா டீ குடிக்க இருபது ரூவா தனியா எடுத்து வெப்பாங்க.’ அதைப் பிடித்துக்கொண்டோம்.

புதிய காட்சி பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நடக்கிறது. உறவுக்காரர்கள் போய்விட்டார்கள். கூடப் படகில் போனவர் வாசலில் நிற்கிறார். சாவுக்கு முந்தின நாள் இறால் போட்ட காசை வியாபாரி இப்போதுதான் கொடுத்திருக்கிறார், அதில் இறந்தவரின் பங்கு இது. ‘அண்ணி, எண்ணிப் பாத்துக்குங்க.’ அவள் எண்ணுகிறாள். பழக்கத்தில் ஒரு இருபது ரூபாய்த் தாளை உருவி, தனியாகத் திண்ணையில் வைக்கிறாள். மீதியை முந்தானையில் முடிகிறாள். அப்போதுதான் அந்தத் தாளைப் பார்க்கிறாள். காற்றில் அது நகர்கிறது. பையன் அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொள்கிறான். ‘சரிதானே அண்ணி?’ ‘சரியா இருக்கு தம்பி.’ அவ்வளவுதான்.

இங்கே ஒப்பாரி எங்கே போனது? போகவில்லை. படத்தின் முந்தைய காட்சியில் அது முழுதாக ஒலிக்கிறது. ஆனால் காமிரா பையனோடு இருக்கிறது. அவனைப் பெரியவர்கள் வாடகை நாற்காலி எடுத்துவர அனுப்பிவிட்டார்கள். சந்தில் நாற்காலிகளை அடுக்கித் தூக்கிவருகிறான், ஒப்பாரி தூரத்தில் கேட்டு, வர வர நெருங்குகிறது. ஒப்பாரி வெறும் கதறல் அல்ல என்பதை இங்கே சொல்லவேண்டும். அதற்கு மெட்டு உண்டு, உறவுமுறை சொல்லி விளிப்பது உண்டு, செத்தவரிடமும் இருப்பவரிடமும் வைக்கிற முறையீடு உண்டு. கைவிட்டவனை ஊரறியச் சுட்டுகிற பேச்சுரிமை பெண்ணுக்குக் கிடைக்கிற இடங்களில் அது ஒன்று. அதை ‘மெலோடிராமா’ என்று வெட்டுவது அவள் வாயைப் பொத்துவது. தூரத்தில் வைப்பது வேறு விஷயம்.

இந்த மாதிரிக் காட்சி எங்கே கெட்டுப்போகும்? மூன்று இடங்களில். முதலாவது, தாளைப் பார்த்தவுடன் அவள் சுவரிலிருக்கும் படத்தைப் பார்த்தால். பார்வையாளன் தானே எட்டிப்பிடிக்க வேண்டியதை நாமே கையில் திணிக்கிறோம். இரண்டாவது, இருபது ரூபாய் போதாதென்று செருப்பு, சட்டை, பீடிக்கட்டு என அடுக்கினால். ஒரு காட்சிக்கு ஒரு பொருள்தான் தாங்கும், இரண்டாவது வந்ததுமே உத்தி தெரிந்துவிடும். மூன்றாவது, நீட்டினால். தாளின்மேல் காமிரா எவ்வளவு நேரம் நிற்கலாம் என்றால், வாசலில் நிற்கிறவர் அடுத்த வார்த்தை பேசுகிற வரை. அதற்குமேல் நிற்கிற ஒவ்வொரு விநாடியும் ‘அழு’ என்று பார்வையாளனுக்கு இடுகிற கட்டளை. மௌனத்தாலும் மிகையுணர்ச்சி செய்யமுடியும். விழாக்களுக்கு வருகிற பல படங்கள் அதைத்தான் செய்கின்றன.

காட்சி நிற்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. வசனங்களைக் கையால் மறைத்துவிட்டு, எழுதியிருக்கிற செயல்களை மட்டும் படியுங்கள். எண்ணுகிறாள், உருவுகிறாள், வைக்கிறாள், பார்க்கிறாள், அவன் அழுத்துகிறான். இதிலேயே சாவு தெரிந்தால் காட்சி நிற்கும். ‘சோகமாகப் பார்க்கிறாள்’ என்று எழுதத் தேவைப்பட்டால் செயல் போதவில்லை என்று அர்த்தம்.

கடைசியாக, அழகியலைவிட முக்கியமான ஒன்று. கடலுக்குப் போகிற ஊரின் வகுப்பறையில் அப்பாவை நீரில் இழந்த பிள்ளை உட்கார்ந்திருக்கக்கூடும். நடிப்பு வரவழைக்க ‘உன் வீட்டுச் சாவை நினைச்சுக்கோ’ என்று சொல்கிற வழக்கம் நம் நாடகப் பட்டறைகளிலிருந்து பள்ளி வரை வந்திருக்கிறது. அது வன்முறை. பையனாக நடித்தவனுக்கு எங்கள் ஆசிரியர் சொன்னது, ‘தாள் பறந்துடப் போகுது, புடி’ என்பது மட்டும். அவன் பிடித்தான். அவன் எதை நினைத்தான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை காமிரா வைத்திருப்பவருக்குக் கிடையாது.