பெரிய பம்பு, சின்னக் குழி

தஞ்சாவூரில் வாகனம் நிறுத்த நிலத்தடித் தளம் தோண்டுகிறவர்கள், தளத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு வடிகுழி வெட்டி, அதில் ஒரு சப்மெர்சிபிள் பம்பையும் ஒரு மிதவை சுவிட்சையும் இறக்கிவிடுவார்கள். எத்தனை ஹெச்.பி. என்று கேட்டால், “பெரிசாவே போட்டுருவோம், பயமில்ல” என்பதே வழக்கமான பதில். இந்தப் பதில் தேறுமா என்று கணக்கு வைத்துப் பார்க்கலாம்.

குழிக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதே முதல் கேள்வி. 500 சதுர மீட்டர் தளமுள்ள ஒரு திருமண மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். வண்டி இறங்கும் சரிவுப்பாதை 4 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம், கூரை இல்லை. மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை கொட்டினால் அந்த 60 சதுர மீட்டரிலிருந்து நிமிடத்துக்கு 100 லிட்டர் இறங்கும். இது எளிய பெருக்கல். ஊற்றுநீரை அப்படிப் பெருக்கிப் பார்க்க முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். குழியை இறைத்துவிட்டு, நீர் ஏறும் வேகத்தைக் கடிகாரம் வைத்துக் குறிக்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் குழியில் ஐந்து நிமிடத்தில் 10 செ.மீ. ஏறினால் வரத்து நிமிடத்துக்கு 20 லிட்டர்.

தஞ்சையில் பலர் தவறுவது இந்த அளவையில்தான். தோண்டும் வேலை பெரும்பாலும் கோடையில் நடக்கிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறக்கப்படும். இடையில் ஆறும் வாய்க்காலும் வற்றிக் கிடக்கும், நிலத்தடி நீரும் இறங்கியிருக்கும். சித்திரையில் குழி காய்ந்திருப்பதைப் பார்த்து “ஊத்தே இல்ல” என்று முடிவுகட்டுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வயல்களில் நீர் தேங்கி, நகருக்குள் ஓடும் புதாற்றிலும் தண்ணீர் நிறைந்து, அடைமழையும் சேரும்போது அதே குழியில் நீர் வேறு கதை சொல்லும். கோடை அளவை மட்டும் கையில் இருந்தால் அதை அளவையாகவே கொள்ளக் கூடாது.

மழைக்கால ஊற்று அந்த 20 லிட்டர் என்று கொண்டால், நம் மண்டபத்துக்கு உச்ச வரத்து நிமிடத்துக்கு 120 லிட்டர். ஏற்ற வேண்டிய உயரம், குழாய் உராய்வு இரண்டும் சேர்ந்து 7 மீட்டர் என்றால், அந்த 7 மீட்டரில் நிமிடத்துக்கு 150 லிட்டர் தள்ளும் பம்பு போதும். பெயர்ப் பலகையில் உள்ள அதிகபட்ச உயரமும் அதிகபட்ச அளவும் ஒருசேரக் கிடைக்காது. பம்பின் வளைகோட்டில் 7 மீட்டருக்கு நேரே என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இப்போது “பெரிசாவே போட்டுருவோம்” என்பதை நிறுத்துப் பார்ப்போம். மோட்டாரைக் கொல்வது அடிக்கடி நடக்கும் தொடக்கம். தொடங்கும் ஒவ்வொரு முறையும் அதிக மின்னோட்டம் பாய்ந்து கம்பிச்சுற்று சூடேறும். மணிக்குப் பத்துத் தொடக்கம் என்று வரம்பு வைத்தால் ஒரு சுற்றுக்கு ஆறு நிமிடமாவது வேண்டும். வரத்து பம்பின் திறனில் சரிபாதியாக இருக்கும்போதுதான் சுற்று மிகக் குறுகும். அதாவது மோட்டாருக்குக் கெட்ட நேரம் கொட்டுமழை அல்ல, நடுத்தர மழை. அந்த நிலைக்கான கணக்கு இது:

```
V = T × Q / 4
6 × 150 / 4 = 225
6 × 500 / 4 = 750
```

T நிமிடத்தில், Q நிமிடத்துக்கு லிட்டரில், V மிதவையின் ஏற்ற இறக்கத்துக்கு இடையிலுள்ள நீர், லிட்டரில். 150 லிட்டர் பம்புக்கு ஒரு சதுர மீட்டர் குழியில் 22.5 செ.மீ. இடைவெளி போதும். 500 லிட்டர் பம்புக்கோ சூத்திரம் 75 செ.மீ. கேட்கும். அதே சின்னக் குழியில் 20 செ.மீ. இடைவெளியோடு பெரிய பம்பை இறக்கினால், நம் 120 லிட்டர் உச்ச வரத்தில் 2.2 நிமிடத்துக்கு ஒருமுறை, மணிக்கு 27 தடவை தொடங்கும். பயத்துக்கு வாங்கிய பம்பு அந்தப் பயத்தை உண்மையாக்கிவிடும்.

பெரிய பம்பின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வண்டல் தேய்த்துத் தேய்த்துப் பம்பின் திறன் குறையும். எதிர்பாராத மழையும் வரும். ஆனால் இந்த இரண்டுக்கும் ஒரே அளவில் இரண்டு சிறிய பம்புகளை மாறி மாறி ஓடவிடுவதே நல்ல விடை. ஒன்று திணறினால் மற்றது சேரும்; ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும்.

எந்தப் பம்பும் ஈடுகொடுக்காத வரத்து ஒன்று உண்டு: தெருவெள்ளம். 4 மீட்டர் அகல வாசலில் 10 செ.மீ. உயரத்துக்கு நீர் வழிந்தால் நொடிக்குச் சுமார் 200 லிட்டர் உள்ளே பாயும்; நம் பம்பு நொடிக்கு இரண்டரை லிட்டர்தான் தள்ளும். 2024 ஜூலை 27 அன்று டெல்லி ஓல்டு ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் நிலத்தடி நூலகத்தில் மூன்று மாணவர்களைக் கொன்றது இப்படிப் புகுந்த நீரே. அதற்கு மருந்து, சரிவு தொடங்கும் இடத்தில் தெருமட்டத்துக்கு மேல் எழுப்பும் மேடு.

கழிப்பறைக் கழிவுக்குழிக்கு இதே சூத்திரத்தைப் போடுவது இன்னொரு பிழை. 80 மி.மீ. குழாயில் திடக்கழிவு தங்காமல் போக நிமிடத்துக்கு 200 லிட்டராவது ஓட வேண்டும். சூத்திரம் 300 லிட்டர் கொள்ளளவு கேட்கும். ஆனால் கீழ்த்தளக் கழிப்பறைக்கு வரத்து மணிக்கு 100 லிட்டர்தான் என்றால், கழிவு மூன்று மணி நேரம் கிடந்து அழுகி வாயு கக்கும். நகராட்சிக் கழிவுநீர் நிலையங்களுக்கே மத்திய அரசின் கையேடு சராசரி வரத்தில் 30 நிமிடத்துக்கு மேல் தேங்கக் கூடாது என்கிறது. இங்கே 60 லிட்டர் போதும்: எட்டு மீட்டர் ஏற்றுக்குழாயில் நிற்கும் 40 லிட்டரை ஒவ்வொரு ஓட்டமும் முழுதாக வெளியே தள்ளிவிடும், தேக்கமும் அரைமணியை ஒட்டி நிற்கும். மூடி இறுக்கமாகவும், காற்றுக்குழாய் கூரைக்கு மேலும் இருக்க வேண்டும். வடிகுழியோடு இதைச் சேர்த்துவிட்டால் மின்சாரம் போன அன்று மலம் தளத்தில் மிதக்கும்.

கடைசியாக அபாய மணி. மணி அடிக்கும் மட்டத்துக்கு மேல் குழியில் 300 லிட்டர் இடம் இருந்தால், உச்ச மழையில் இரண்டரை நிமிடத்தில் நிரம்பிவிடும். அதற்குள் காவலாளி வந்து எதுவும் செய்ய முடியாது. வடிகுழியில் மணிக்கு முன்பே இரண்டாவது பம்பு தானாக ஓடியிருக்க வேண்டும். கழிவுக்குழியில் நிலைமை வேறு: கழிப்பறையைப் பூட்டினால் வரத்து நின்றுவிடும். அங்கே மணி உண்மையிலேயே பயன்படும்.

மணியைப் பம்பின் மின்சுற்றிலேயே இணைப்பது மிக மோசமான சிக்கனம். 2018 நவம்பர் 16 அன்று கரைகடந்த கஜா புயலுக்குப் பின் டெல்டாவின் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட நாளில் மழை நின்றுவிடும், ஊற்று நிற்காது. நிமிடத்துக்கு 20 லிட்டர் என்பது நாளுக்கு 28,800 லிட்டர்; தளம் முழுக்க நாளொன்றுக்கு ஏறக்குறைய 6 செ.மீ. அதை இறைக்கப் பம்பு மூன்றே கால் மணி நேரம் ஓடினால் போதும், இரண்டு யூனிட்டுக்குள் அடங்கும். தொடக்க மின்னோட்டத்தைத் தாங்கும் இன்வெர்ட்டரும் ஒரு பெரிய பேட்டரியும் அரை நாளாவது சமாளிக்கும். அதற்குள் ஜெனரேட்டர் கொண்டுவந்து பேட்டரியை ஏற்றலாம்.

தீர்ப்பு இதுதான்: “பெரிசாவே போட்டுருவோம்” தேறவில்லை. பணம் போக வேண்டிய வரிசை, முதலில் வாசல் மேடு, பிறகு இரண்டு சிறிய பம்புகளும் அவற்றுக்கேற்ற குழியும், அடுத்து பேட்டரி, அதோடு தனி மின்சாரத்தில் மணி. கழிவுக்குழி எப்போதும் தனி. இந்தத் தீர்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு. ஐப்பசி அளவையில் ஊற்று இதைப் போலப் பல மடங்கு வந்தாலோ, இறைக்கும் நீர் தொடர்ந்து கலங்கலாக வந்தாலோ, தளத்தின் அடியிலுள்ள மண் கரைந்து வெளியேறிக்கொண்டிருக்கலாம். அப்போது பம்புக்கடைக்குப் போவதை விட்டுவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.