மணி 3:40: எழுத்து மாடலும் பட மாடலும் ஒரே கடிகாரத்தை வரைந்தால்

ஏஐ ஆப் எதுவானாலும் இப்போது "படமும் போடும்" என்றுதான் விளம்பரம் வருகிறது. உள்ளே இருப்பது எழுத்து மட்டும் தெரிந்த மொழி மாடலா, நிஜமாகவே படம் உருவாக்கும் மாடலா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை போதும். 3:40 மணி காட்டும் சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கேளுங்கள். இரண்டு வகையும் எங்கே பிரிகின்றன என்பது அந்த இரண்டு முட்களிலேயே தெரிந்துவிடும்.

இரண்டையும் வீட்டுக் கணினியிலேயே ஓட்டலாம். எழுத்து வகைக்கு லாமா 3.1-இன் 8 பில்லியன் பதிப்பு இருக்கிறது. ஒலாமா நிறுவிய கணினியில் `ollama run llama3.1` என்று அடித்தால் சுமார் 5 ஜிபி இறங்கும். பட வகைக்கு ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 சுமார் 4 ஜிபிதான். அதற்கு ஒரு சுமாரான கிராபிக்ஸ் கார்டு வேண்டும். ஆக, வித்தியாசம் அளவில் இல்லை, வெளியே என்ன வருகிறது என்பதில்தான்.

எழுத்து மாடலிலிருந்து வருவது டோக்கன்கள் மட்டும், அதாவது எழுத்துத் துணுக்குகள். பிக்சல் என்ற ஒன்றை அது தொடுவதே இல்லை. அதனால் படம் கேட்டால் மூன்றில் ஒன்று நடக்கும். "என்னால் முடியாது" என்று சொல்லும். அல்லது "இதோ படம்" என்று இல்லாத ஒரு முகவரியை எழுதித் தரும். திரையில் வெறும் கட்டம்தான் தெரியும். விவரமாகக் கேட்டால், எஸ்விஜி என்ற படக் குறிமுறையை எழுதித் தரும். அதை `clock.svg` என்று சேமித்து பிரவுசரில் திறந்தால் கடிகாரம் தெரியும். வரைவது பிரவுசர், மாடல் எழுதியது வரைவதற்கான உத்தரவு.

அந்த உத்தரவு சரியாக வந்தால் இப்படி இருக்கும்:

```
<svg xmlns="http://www.w3.org/2000/svg" viewBox="0 0 200 200">
  <circle cx="100" cy="100" r="90" fill="none" stroke="black"/>
  <line x1="100" y1="100" x2="142" y2="115" stroke="black" stroke-width="6"/>
  <line x1="100" y1="100" x2="39" y2="135" stroke="black" stroke-width="3"/>
</svg>
```

நிமிட முள் ஒரு நிமிடத்துக்கு 6 டிகிரி நகரும். 40 நிமிடத்துக்கு 240 டிகிரி, அதாவது 8-ஐப் பார்த்து நிற்க வேண்டும். மணி முள் ஒரு மணிக்கு 30 டிகிரி போகும். 3 மணிக்கு 90, மீதி 40 நிமிடத்துக்கு இன்னும் 20, மொத்தம் 110. அது 3-ஐத் தாண்டி 4-ஐ நெருங்கியிருக்க வேண்டும். மேலே உள்ள 142, 115 என்ற எண்கள் இந்த 110 டிகிரியிலிருந்து வந்தவை.

இந்த வகை மாடல்கள் சறுக்கும் இடங்களும் இந்த எண்களிலேயே தெரியும். மணி முள்ளின் முனை 145, 100 என்று இருந்தால் அது நேராக 3-ஐக் காட்டுகிறது. கூடுதல் 20 டிகிரியை மாடல் மறந்துவிட்டது. நிமிட முள்ளின் முனை 39, 65 என்று இருந்தால் முள் 8-க்குப் பதிலாக 10-இல் நிற்கும். எஸ்விஜியில் செங்குத்து எண் கீழே போகப் போகக் கூடும். பள்ளிக் கணக்கில் மேலே போகப் போகக் கூடும். மாடல் பள்ளிக் கணக்குப்படி எழுதினால் படம் தலைகீழாகிவிடும். தான் எழுதியதை அது பார்க்காததால் தவறு அதற்குத் தெரியாது. போனில் வழி சொல்பவருக்கு, கேட்பவரின் எதிரே உள்ள தெரு தெரியாதது போலத்தான்.

சரிசெய்யும் வழி எளிது. முனைப் புள்ளிகளைக் கணக்குப் போடச் சொல்லாமல், 12-ஐப் பார்த்து நிற்கும் ஒரு கோட்டைப் போட்டு அதைச் சுழற்றச் சொல்லுங்கள். `transform="rotate(240 100 100)"` என்று எழுதினால் போதும், கணக்கை பிரவுசர் பார்த்துக்கொள்ளும். தவறு இருந்தால்கூட எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று நமக்குத் தெரியும். நோட்பேடில் திறந்து மாற்றிவிடலாம்.

பட மாடலின் வேலை வேறு மாதிரி. ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 கோடு எதையும் போடுவதில்லை. 64-க்கு 64 கட்டத்தில், கட்டத்துக்கு 4 எண்கள் வீதம், குலுக்கிப் போட்ட எண்களோடு தொடங்குகிறது. டிவியில் சேனல் இல்லாதபோது தெரியும் புள்ளிக் கூட்டத்துக்கு நிகரான இரைச்சல் அது. ஒவ்வொரு சுற்றிலும் நாம் கொடுத்த சொற்களுக்கு ஏற்ப அதில் எது இரைச்சல் என்று ஊகித்து, கொஞ்சம் கழிக்கிறது. வழக்கமாக 20 முதல் 50 சுற்றுகள் ஓடவிடுவார்கள். கடைசியில் இன்னொரு பகுதி அதை 512-க்கு 512 பிக்சல் படமாக விரிக்கிறது. எஸ்விஜியில் எளிதில் வராத பித்தளை விளிம்பு, கண்ணாடியில் வெளிச்சம், சுவரில் நிழல் எல்லாம் இதில் வந்துவிடும்.

ஆனால் மணி? பெரும்பாலும் 10:10. விளம்பரப் படங்களில் கடிகாரங்களை அந்த நேரத்தில் வைத்துத்தான் எடுப்பார்கள். பட மாடல்கள் கற்ற படங்களில் அதுவே நிறைந்திருக்கிறது. 3:40 என்று எழுதினால் மாடல் அதைக் கோணமாக மாற்றுவதில்லை. கடிகாரம் என்ற சொல்லோடு சேர்ந்து வரும் தோற்றத்தைத்தான் தருகிறது. முள்ளை மட்டும் நகர்த்த நோட்பேடு உதவாது. தொடக்க இரைச்சலைத் தீர்மானிக்கும் சீட் எண்ணை மாற்றி மறுபடி ஓட்டலாம், அப்போது சுவரும் நிழலும்கூட மாறிவிடும். சீட், சொற்கள், அமைப்புகள் மூன்றையும் அப்படியே வைத்தால் அதே படம்தான் திரும்ப வரும்.

தமிழில் கேட்பவர்களுக்கு இன்னொரு விஷயம். இந்தப் பதிப்பில் சொற்களைப் படிக்கும் பகுதி பெரும்பாலும் ஆங்கிலத்தில் பழகியது. 77 டோக்கனுக்கு மேல் வாங்காது. தமிழ் எழுத்துகள் பல துண்டுகளாக உடைந்து அந்த இடத்தைச் சீக்கிரம் நிரப்பிவிடும், சம்பந்தமில்லாத படம் வரும். படத்துக்குள் தமிழ் வாசகம் கேட்டால் எழுத்து மாதிரியான கிறுக்கல்தான் கிடைக்கும். எஸ்விஜியில் அந்தச் சிக்கல் இல்லை. `<text>` என்று போட்டால் கணினியில் உள்ள தமிழ் எழுத்துருவே எழுதிவிடும்.

சாட் ஆப்களில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். 2023 அக்டோபரில் சாட்ஜிபிடிக்குள் டால்-ஈ 3 வந்தபோது, எழுத்து மாடல் நம் கோரிக்கையை விரிவாக எழுதிப் பட மாடலிடம் கொடுக்கும் ஏற்பாடுதான் இருந்தது. 2025 மார்ச்சில் வந்த ஜிபிடி-4ஓ பட வசதியில் ஒரே மாடல் இரண்டையும் செய்தது. கைமாற்றும் வகை ஆப்பில் "முள்ளை மட்டும் மாற்று" என்றால் பெரும்பாலும் கடிகாரமே வேறாகி வரும். "3:40 காட்டும் கடிகாரம் இதோ" என்று கீழே எழுதியிருப்பதையும் நம்ப வேண்டாம். எழுத்து மாடல் தான் கேட்டனுப்பியதைச் சொல்கிறது. வந்ததைப் பார்த்துச் சொல்லவில்லை.

"படம் புரியும்" என்ற விளம்பரத்தையும் தனியாகப் பாருங்கள். லாமா 3.2 விஷன் நாம் கொடுக்கும் படத்தைப் படித்து விவரிக்கும். அதிலிருந்தும் வெளியே வருவது எழுத்து மட்டுமே.

வரைபடம், அட்டவணை, சின்னம், தமிழ் எழுத்து, அளவு பிசகக் கூடாத எதற்கும் எழுத்து மாடலிடம் எஸ்விஜி கேளுங்கள். அதற்கு கிராபிக்ஸ் கார்டும் தேவையில்லை. காட்சி, முகம், துணியின் மடிப்பு, வெளிச்சம் வேண்டுமென்றால் பட மாடல்தான். போஸ்டர் போடுபவர்களுக்கு இரண்டும் வேண்டும்: பின்னணியைப் பட மாடலில் முள்ளில்லாமல் எடுத்துக்கொண்டு, முட்களையும் வாசகத்தையும் எஸ்விஜியாக மேலே வைக்கலாம். புதிய ஆப்புக்குப் பணம் கட்டும் முன் இலவசப் பதிப்பில் 3:40 கேட்டுப் பாருங்கள். பிறகு அதே கடிகாரத்தில் 3:45 கேளுங்கள். முள் மட்டும் நகர்ந்தால் பணத்தைக் கட்டலாம்.