மாவு மில்லுக்கு மேல் மாடி

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் நான் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் டெய்லர் கடை இருந்தது. 2025 ஜூலை கடைசியில் அதன் கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. மேல்பாதியில் ஒரு மாடிப்படியின் புகைப்படம். கீழ்பாதியில் பெரிய எழுத்தில் இந்த வாசகம்:

"இங்கே 31 வருஷமாக இருக்கும் நம்ம கடை சித்திரக்குளம் வடக்குத் தெருவுக்குப் போகிறது. இங்கே கடைசி நாள் ஆகஸ்ட் 16 சனிக்கிழமை, இரவு 8 மணி வரை. அங்கே ஆகஸ்ட் 18 திங்கட்கிழமை காலை 9.15 முதல். காய்கறிக் கடைப் பக்கமிருந்து வருபவர்கள் சித்திரக்குளம் தெரிந்ததும் இடது கைப்பக்கம் திரும்பவும். மாவு மில்லுக்கு மேல் மாடி. படி ஏற முடியாதவர்கள் கீழே நின்று கூப்பிட்டால் போதும். கொடுத்த துணியை, ரசீது இருந்தாலும் இல்லாவிட்டாலும், அங்கே வாங்கிக்கொள்ளலாம். அளவு நோட்டும் அங்கே வருகிறது. போன் நம்பர் அதேதான்."

நான் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு நகராமல் இதை இரண்டு முறை படித்தேன். கடை மாறும் அறிவிப்புகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். இவ்வளவு யோசித்து எழுதிய ஒன்றைப் பார்த்ததில்லை.

முதலில் அந்த "போகிறது". வழக்கமாக இந்த இடத்தில் "இடமாற்றம் செய்யப்பட்டுள்ளது" என்றுதான் இருக்கும். அந்தச் சொல் வருகிறதென்றால் பெரும்பாலும் கடை ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். மூடிய ஷட்டரின் முன் நின்றுதான் படிப்போம். "போகிறது" என்று எழுத வேண்டுமானால் போவதற்கு முன்பே ஒட்டியிருக்க வேண்டும். இவர்கள் ஏறக்குறைய மூன்று வாரம் முன்னதாக ஒட்டினார்கள். தையல் கடைக்கு இது சரியான கணக்கு. ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர் ஒரு துணிக்கு இரண்டு முறை வருவார்: கொடுக்க ஒரு முறை, வாங்க ஒரு முறை. நடுவில் பத்து, பதினைந்து நாள் ஆகும். மூன்று வாரம் தாள் கதவில் இருந்தால், கையில் வேலை உள்ள எல்லா வாடிக்கையாளரும் ஒரு முறையாவது அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அதுவும் ஆடி மாதம். தள்ளுபடியில் எடுத்த புடவைகளின் ஜாக்கெட் துணிகள் ஆவணிக் கல்யாணங்களுக்காக வந்து குவியும் சமயம். மூன்று நாள் முன்னால் ஒட்டியிருந்தால் பாதிப் பேருக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அடுத்து வழி. இதில்தான் எனக்கு அதிக மரியாதை. மயிலாப்பூரில் "குளம்" என்று மொட்டையாகச் சொன்னால் அது கபாலீசுவரர் கோயில் குளம்தான். தெற்கு மாட வீதியில் நிற்பவருக்குக் கண்ணெதிரே இருப்பதும் அதுதான். சித்திரக்குளம் வேறு, அங்கிருந்து தெற்கே, ஆதிகேசவப் பெருமாள் கோயிலை ஒட்டி இருப்பது. தெருப் பெயரிலேயே சித்திரக்குளம் வந்துவிட்டதே என்று அடுத்த வரியில் "குளம் தெரிந்ததும்" என எழுதத்தான் கை போகும். அப்படி எழுதியிருந்தால் பாதிப் பேர் கபாலி குளத்தைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் முறையும் முழுப்பெயரை எழுதியவர், புதிதாக வரும் ஒரு பெண் எந்த இடத்தில் நின்று தடுமாறுவாள் என்று கண்டவர்.

"தெரிந்ததும்" என்ற சொல்லையும் கவனியுங்கள். இத்தனை அடி, இத்தனையாவது தெரு என்று அவர் எழுதவில்லை. நடக்கிறவர் தெருக்களை எண்ணிக்கொண்டா போவார்? கண்ணில் ஒன்று பட வேண்டும், பட்டவுடன் எந்தக் கைப்பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரிய வேண்டும். குளம் கண்ணில் படாமல் தப்பாது. திசையைக் கிழக்கு என்று சொல்லாமல் "இடது கைப்பக்கம்" என்றதும் நல்லது. ஆனால் இடது, வலது என்பவை எங்கிருந்து வருகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். அதனால்தான் வரி "காய்கறிக் கடைப் பக்கமிருந்து வருபவர்கள்" என்று தொடங்குகிறது. தெற்கு மாட வீதியின் காய்கறிக் கடைகள் இந்த வட்டாரம் முழுவதற்கும் தெரியும். இந்தக் கடைக்கு வருகிற பெண்களில் பலர் ஒரு கையில் கீரைக் கட்டோடுதான் வருவார்கள். அவர்கள் நிற்கிற இடத்திலிருந்தே வழி தொடங்குகிறது.

சொல்லாமல் விட்டதும் முக்கியம். பேருந்து நிறுத்தம் எதுவும் இதில் அடையாளமாக வரவில்லை. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் இரண்டு தடங்கள் திருமயிலையில் சந்திக்கின்றன. அந்தச் சுரங்க வேலையால் லஸ் பக்கம் சாலைகள் திருப்பிவிடப்பட்டு, பேருந்துகள் அப்போது சுற்றிப் போயின. நிறுத்தத்தை நம்பி எழுதிய வழி ஆறு மாதத்தில் பொய்யாகிவிடக்கூடும். "அருகில்" என்ற சொல்லும் இதில் இல்லை. விளம்பரங்களில் அதிகம் வருகிற, வழி தேடுகிறவருக்குக் குறைவாக உதவுகிற சொல் அது. எதிரில் என்றால் முகம் தெரியும், பின்புறம் என்றால் சுற்ற வேண்டும் என்று தெரியும், மாடி என்றால் நிமிர்ந்து பார்ப்போம். அருகில் என்றால் நான்கு பக்கமும் தேட வேண்டும்.

மாவு மில் நல்ல தேர்வு. அரைக்கிற சத்தமும் வறுத்த மிளகாய், மல்லியின் வாசனையும் தெருவிலேயே சொல்லிவிடும். பலகையைப் படிக்க வேண்டியதில்லை, கண்ணாடி கொண்டு வராத பாட்டிக்கும் தெரியும். ஆனால் மில் ஒரு நாள் மூடலாம், கைமாறலாம். குளம் அப்படிப் போகாது. போகாத ஒன்றை முதலிலும் போகக்கூடிய ஒன்றைக் கடைசியிலும் வைத்திருப்பதால், மில் இல்லாமல் போனாலும் வழியின் முக்கால் பங்கு நிற்கும். படத்தில் மில்லின் பெயர்ப்பலகையும் ஓரத்தில் படியும் விழுந்திருக்கின்றன. தெருவில் நடந்து வருகிறவர் கண் உயரத்திலிருந்து எடுத்த படம். புதிய கடையின் உள்ளே எடுத்த படம் அழகாக இருந்திருக்கும், வழி காட்டியிருக்காது.

இனி அந்தத் தேதிகள். தாளில் பஞ்சாங்கம் பற்றி ஒரு சொல் கிடையாது. வீட்டுக்குப் போய் நாள்காட்டியைப் புரட்டினேன். ஆகஸ்ட் 16 ஆடி 31, மாதத்தின் கடைசி நாள். அன்று அஷ்டமி, கோகுலாஷ்டமி. மறுநாள் ஞாயிறு ஆவணி 1, நவமி. திங்கள் தசமி. ஆடியில் புது இடம் புகுவதில்லை, அஷ்டமி நவமியில் நல்லது தொடங்குவதில்லை. ஆகவே பழைய இடத்தின் கடைசி நாள் ஆடியோடு முடிகிறது. நடுவில் உள்ள ஒரு நாள் மெஷின்களையும் கட்டிங் டேபிளையும் ஏற்றி இறக்க. தொழில் தொடங்குவது தசமியில். காலை 9 மணி என்று வட்டமாகப் போடாமல் 9.15 என்றது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை. அது முடிந்து, விளக்கேற்றி, கதவைத் திறக்கக் கால் மணி நேரம்.

இதெல்லாம் அவர்கள் நம்பிக்கை. வாடிக்கையாளருக்குத் தேவை தேதி, கிழமை, மணி. மூன்றும் இருக்கின்றன. கடைசி நாளுக்கும் "இரவு 8 மணி வரை" என்று போட்டதை நான் தனியாகப் பாராட்டுவேன். கடைசி நாளன்று மதியமே சாமான் கட்டிவிடுவார்களோ என்ற பயம் எல்லாருக்கும் வரும். அலுவலகம் முடிந்து வருகிறவருக்கு அந்த எட்டு மணி பெரிய ஆறுதல்.

எனக்கு மிகவும் பிடித்த வரி அளவு நோட்டைப் பற்றியது. தையல் கடை மாறுகிறது என்றவுடன் மனசுக்குள் எழும் கவலை வழி பற்றியதே அல்ல. துணி தொலையுமோ, அளவு போய்விடுமோ என்பதுதான். மூட்டை கட்டும்போது ரசீதில் குத்தி வைத்த துண்டுத் துணி கழன்று விழலாம், யாருடைய துணி எது என்று தெரியாமல் போகலாம். அளவுக்காகக் கொடுத்துவைத்த பழைய ஜாக்கெட் வேறு மூட்டையில் சேரலாம். அந்த நீள நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: உயரம், தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கைச் சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து இறக்கம். பல வருஷமாக அடித்துத் திருத்திய எண்கள். என் பக்கத்தில் இடுப்பளவு மட்டும் நான்கு முறை மாறியிருக்கிறது. இடது தோள் கால் அங்குலம் இறக்கம் என்பது அந்த நோட்டுக்கும் டெய்லருக்கும் மட்டும் தெரியும். "வருகிறது" என்று ஒரு ஆளைச் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்த துணியும் உங்கள் உடம்பின் கணக்கும் பத்திரம் என்று கேட்காமலே பதில் சொன்ன வரி இது.

கடை ஏன் மாறுகிறது என்று தாளில் இல்லை. கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். 31 வருஷம் இருந்த இடத்தை விட்டுப் போகும்போது மனத்தாங்கல் ஒரு வரியாவது கசிந்திருக்கலாம். கசியவில்லை. அந்த இடத்தில் படி ஏற முடியாதவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தரைத்தளத்திலிருந்து மாடிக்குப் போவது இந்தக் கடைக்கு உண்மையான நஷ்டம். வாடிக்கையாளர்களில் முழங்கால் வலிக்காரர்கள் நிறைய. அதை மறைக்காமல் "மேல் மாடி" என்று சொல்லி, அடுத்த வரியிலேயே வழியும் சொன்னார்கள்.

யார் எழுதியது என்று டெய்லரிடம் கேட்டேன். "பொண்ணு எழுதுச்சுக்கா. புதுசா வர்ற ஒருத்தங்களை இங்கிருந்து நடக்க விட்டு, எங்க நிக்கிறாங்கன்னு பின்னாடியே போய்ப் பார்த்துச்சு" என்றார்.

ஒரு குறை உண்டு, சொல்ல வேண்டும். "போன் நம்பர் அதேதான்" என்பது கடை மேலே பலகை இருக்கும் வரைதான் சரி. 16ஆம் தேதி இரவு பலகையைக் கழற்றிவிட்டால், தாளை மட்டும் படிக்கிறவருக்கு எந்த நம்பர்? ரசீதில் இருக்கும், ஆனால் ரசீதைத் தொலைத்தவரையும் வரச் சொன்ன அறிவிப்பு இது. இதை நான் டெய்லரிடம் சொன்னேன். தலையசைத்தார்.

18ஆம் தேதி பத்து மணி வாக்கில் போனேன். சித்திரக்குளம் தெரிந்தது, இடது கைப்பக்கம் திரும்பினேன், மில் சத்தம் கேட்டது. யாரிடமும் கேட்கவில்லை. படிக்குக் கீழே ஒரு வயதான அம்மா நின்று "தம்பி" என்று குரல் கொடுக்க, டெய்லர் தோளில் டேப்போடு இறங்கி வந்தார். திரும்பும்போது பழைய சந்து வழியாக வந்தேன். பலகை இல்லை, ஷட்டர் இறங்கியிருந்தது, தாள் ஷட்டருக்கு மாறியிருந்தது. "அதேதான்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நீலப் பேனாவால் பத்து இலக்கமும் எழுதியிருந்தார்கள்.