காத்திருந்த நிமிடமும் கெழுவின் பொருளும்: மார்ஷ்மெல்லோ மறு ஆய்வை முன்வைத்து

ஓர் இனிப்பை உடனே உண்ணாமல் காத்திருக்கும் குழந்தை பிற்காலத்தில் கல்வியில் சிறக்கும் என்னும் கருத்து, வால்டர் மிஷலும் பிறரும் 1990இல் வெளியிட்ட கட்டுரையால் பரவியது. டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹோனான் குவான் ஆகியோர் 2018இல் இதனை மறு ஆய்வு செய்தனர். அவ்வாய்வு அக்கருத்தைப் பொய்யாக்கிவிட்டதாகவே பரவலாகச் சொல்லப்பட்டது. இம்முடிவு கெழுவைப் பிழையாக வாசித்ததன் விளைவாகும்.

பட்டம் பெறாத தாய்மாரின் குழந்தைகளே அவ்வாய்வின் முதன்மை மாதிரி. நான்கரை வயதில் ஒரு நிமிடம் கூடுதலாகக் காத்திருந்த குழந்தை, 15 வயதில் சராசரியாக ஏறத்தாழ 0.1 திட்டவிலக்கம் கூடுதல் கல்வி அடைவு பெற்றிருந்தது. குடும்பப் பின்னணி, தொடக்க அறிவுத்திறன், வீட்டுச் சூழல் ஆகியவற்றைச் சமன்பாட்டில் சேர்த்தபோது இக்கெழு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது.

'கட்டுப்படுத்துதல்' என்னும் சொல் இங்கு மயக்கம் தருவது. எந்தக் குழந்தையின் சூழலையும் எவரும் மாற்றி அமைக்கவில்லை. பின்னணியைக் கொண்டு ஒரு குழந்தை எவ்வளவு நேரம் காத்திருக்கும் என முதலில் மதிப்பிடப்படுகிறது. மதிப்பீடு 5 நிமிடம், குழந்தை காத்திருந்ததோ 6 நிமிடம் என்று கொள்வோம். எஞ்சும் அந்த ஒரு நிமிடத்துக்கும் கல்வி அடைவுக்கும் உள்ள உறவையே பன்மாறித் தொடர்புப்போக்கின் கெழு அளக்கிறது. ஆகவே முதற்கெழுவும் இரண்டாம் கெழுவும் வெவ்வேறு வினாக்களுக்கான விடைகள். ஒன்று கறைபட்டது, மற்றது தூய்மையானது என்பதில்லை.

அப்படியாயின் எதனைச் சமன்பாட்டில் சேர்ப்பது என்பதே உண்மையான சிக்கல். தாயின் கல்வி குழந்தையின் காத்திருப்புக்கு முந்தையது. காத்திருப்பையும் அடைவையும் அது ஒருங்கே பாதிக்கக்கூடும். அதனைச் சேர்ப்பது முறை. நான்கரை வயதில், அதாவது காத்திருப்புச் சோதனை நடந்த அதே பருவத்தில், அளந்த அறிவுத்திறனின் நிலை வேறு. கவனத்தை வேறுபக்கம் திருப்புதல், விதியை நினைவில் வைத்தல் ஆகிய திறன்களால்தான் குழந்தை காத்திருக்கிறது. அவற்றோடு பின்னிக் கிடக்கும் ஓர் அளவையை நீக்கிவிட்டால் காத்திருப்பில் எஞ்சுவது என்ன? சபீன் டோபல் முதலியோர் 2020இல் எழுதிய மறுப்பின் சாரமும் ஏறக்குறைய இதுவே. எனினும் அம்மறுப்பை முழுவதுமாக ஏற்பதற்கில்லை. அறிவுத்திறன் காத்திருப்பின் உறுப்பா, அதற்கு அப்பாற்பட்ட பொதுக் காரணமா என்பதைக் கெழு சொல்லாது. இரு நிலையிலும் கெழு ஒரேவிதமாகவே சுருங்கும்.

வாட்ஸ் குழுவினர் மாறிகளைப் படிப்படியாகச் சேர்த்து ஒவ்வொரு படியின் கெழுவையும் தனித்தனியே தந்தது பாராட்டுக்குரியது. எந்தப் படியில் எவ்வளவு சுருங்கியது என்பதை அதனால்தான் வாசகர் காண முடிகிறது. இறுதிச் சமன்பாட்டை மட்டும் அட்டவணையில் இடும் மாணவர் திட்டங்களில் இவ்வசதி இல்லை. அவற்றில் குறைந்தது ஒவ்வொரு கட்டுப்பாட்டு மாறியும் எந்த வயதில் அளக்கப்பட்டது என்பதேனும் குறிக்கப்பட வேண்டும்.