அவைக்குள் சொன்னதும் வாசலில் சொன்னதும்

சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம் நடக்கிறது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, தம் தொகுதியில் கட்டிய பாலம் ஓராண்டுக்குள் விரிசல் விட்டதைச் சொல்கிறார். அதோடு நிற்கவில்லை. பொறியாளர் ஒருவரின் பெயரைச் சொல்லி, "ஒப்பந்தக்காரரிடம் லஞ்சம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர் இவர்தான்" என்கிறார். அமைச்சர் ஆட்சேபிக்கிறார். பேரவைத் தலைவர் அந்தப் பகுதியை அவைக் குறிப்பிலிருந்து நீக்குகிறார். வெளியே வாசலில் நிருபர்கள் மைக்கை நீட்டுகிறார்கள். "உள்ளே சொன்னதிலிருந்து நான் பின்வாங்கவில்லை" என்கிறார் உறுப்பினர். ஒரு வாரம் கழித்து, தம் பேச்சை முழுவதுமாகத் துண்டறிக்கையாக அச்சடித்துத் தொகுதியில் விநியோகிக்கிறார். பொறியாளர் மானநஷ்ட வழக்குப் போடுகிறார். வழக்கு நிற்குமா?

இது கற்பனைச் சிக்கல்தான். ஆனால் இதன் ஒவ்வொரு கட்டத்தையும் ஏதோ ஒரு நாட்டின் நீதிமன்றம் உண்மையாகவே சந்தித்திருக்கிறது. மூன்று இடங்களிலும் பேச்சு ஒன்றுதான். சட்டத்தின் விடை மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது.

முதலில் அவைக்குள். அரசியலமைப்புச் சட்டத்தின் 194-ஆவது பிரிவு மாநிலச் சட்டமன்றங்களுக்கும், 105-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கும் பொருந்தும். இரண்டின் இரண்டாம் உட்பிரிவும் ஒரே சங்கதியைச் சொல்கின்றன: அவையிலோ அதன் குழுவிலோ ஓர் உறுப்பினர் பேசிய எதற்காகவும், அளித்த எந்த வாக்குக்காகவும் அவர்மீது எந்த நீதிமன்றத்திலும் நடவடிக்கை எடுக்க முடியாது. இந்த 'எதற்காகவும்' எவ்வளவு தூரம் போகும் என்பதை உச்ச நீதிமன்றம் 1970-இல் தேஜ் கிரண் ஜெயின் வழக்கில் முடிவு செய்தது. 1969 மார்ச்சில் பாட்னாவில் நடந்த இந்து சமய மாநாட்டில், தீண்டாமையை ஆதரித்துப் பூரி சங்கராச்சாரியார் பேசியதாகச் செய்தி வந்தது. மக்களவையில் அவரைக் கடுமையாக விமர்சித்தார்கள். அது அவதூறு என்று அவருடைய சீடர்கள் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர்ந்தனர். அன்றைய மக்களவைத் தலைவர் சஞ்சீவ ரெட்டியும் உள்துறை அமைச்சர் ஒய்.பி. சவாணும் எதிர்வாதிகளில் அடங்குவர். அவையின் அலுவலுக்குத் தேவையான பேச்சுக்கு மட்டுமே பாதுகாப்பு உண்டு, தனிமனிதரை இழிவுபடுத்துவதற்கு இல்லை என்பது சீடர்களின் வாதம். தலைமை நீதிபதி ஹிதயதுல்லா இதை ஏற்கவில்லை. அவை கூடியிருந்ததா, அலுவல் நடந்துகொண்டிருந்ததா என்ற இரண்டை மட்டும் பார்த்தால் போதும். அந்த அலுவலின் போக்கில் பேசிய அனைத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றார்.

எனவே நம் உறுப்பினர் பொய் சொன்னாரா, பகையால் சொன்னாரா என்ற கேள்விக்கே நீதிமன்றம் போகாது. பேரவைத் தலைவர் அந்தப் பகுதியை நீக்கியதும் இதை மாற்றாது. அது அவை தன் உறுப்பினரைக் கண்டிக்கும் வழி. அதனால் பொறியாளருக்கு வழக்குத் தொடரும் உரிமை பிறப்பதில்லை.

இது நியாயமா? இதற்கு எதிரான வாதங்களில் நான் அறிந்தவரை மிக வலுவானது இங்கிலாந்திலிருந்து வருகிறது. 1996-இல் பிரிஸ்டல் நகரத் தொகுதி உறுப்பினர் ஒருவர், நகராட்சி வீட்டு வசதி பற்றிய விவாதத்தில் ஒரு பெண்ணைக் குறிப்பிட்டு, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தரும் குடும்பம் என்று பேசினார். பெயரை மட்டுமல்ல, முகவரியையும் சொன்னார். குழந்தைகளோடு வாழ்ந்த அந்தப் பெண்ணுக்கு வெறுப்புக் கடிதங்கள் வந்தன. வீட்டை விட்டே போக நேர்ந்தது. வழக்குப் போட அங்கே வழியில்லை. அவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 2002-இல் வந்த தீர்ப்பு பாதுகாப்பை முழுமையாகவே உறுதி செய்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது வருந்தத்தக்கது என்பதை நீதிபதிகள் மறைக்கவில்லை. அமைச்சரைத் திட்டினால் அமைச்சர் அடுத்த நிமிடமே எழுந்து பதில் சொல்வார். வாடகை வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும் பாலத்துப் பொறியாளருக்கும் அவையில் நாற்காலி கிடையாது. இந்தச் சமமின்மையை லேசாக ஒதுக்க முடியாது.

ஆனாலும், 'தீய நோக்கம் இருந்தால் வழக்குப் போடலாம்' என்று ஒரு சிறு வாசலைத் திறந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். நோக்கத்தை விசாரித்துத்தான் அறிய முடியும். விசாரணைக்கு ஆண்டுகள் ஆகும், வழக்கறிஞருக்குப் பணம் ஆகும். கடைசியில் உறுப்பினர் ஜெயித்தாலும், அதுவரை அவர் வாய் கட்டப்பட்டிருக்கும். அந்த வாசலை முதலில் பயன்படுத்தப்போவது நம் பொறியாளரைப் போன்றவர் அல்ல, ஐந்து ஊர்களில் ஐந்து வழக்குப் போட வசதியுள்ள ஒப்பந்தக்காரர்தான். எதிர்க்கட்சி உறுப்பினரின் கையில் முழு ஆதாரம் அநேகமாக இருக்காது. கோப்புகள் அரசிடம் இருக்கின்றன. அரைகுறை ஆதாரத்தோடு எழுந்து கேட்டு, அமைச்சரைக் கோப்பைத் திறக்க வைப்பதுதான் அவையின் வேலை. முழு ஆதாரம் உள்ளவர் மட்டுமே பேசலாம் என்றால் அந்த வேலை நடக்காது. ஆகவே அவைக்குள் பாதுகாப்பு முழுமையாக இருக்க வேண்டும் என்பதே என் முடிவு.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 2024 மார்ச் 4 அன்று சீதா சோரன் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு, வாக்குக்கோ பேச்சுக்கோ லஞ்சம் வாங்கியவருக்குச் சிறப்புரிமை கிடையாது என்று சொல்லி, 1998-இன் நரசிம்ம ராவ் தீர்ப்பை மாற்றியது. பணத்தை ஏற்றுக்கொண்ட கணத்திலேயே குற்றம் முடிந்துவிடுகிறது. பிறகு அவர் பேசினாரா, வாக்களித்தாரா என்பது பொருட்டல்ல. சரியான தீர்ப்பு. நம் உறுப்பினர் போட்டி ஒப்பந்தக்காரரிடம் பணம் வாங்கிக்கொண்டு இப்படிப் பேசினார் என்றால், லஞ்ச வழக்கில் அவர் கூண்டில் ஏறத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தீர்ப்பில் ஓர் அளவுகோல் இருக்கிறது: கோரும் சிறப்புரிமை அவையின் கூட்டுச் செயல்பாட்டோடு பிணைந்ததாகவும், உறுப்பினரின் இன்றியமையாத கடமைக்குத் தேவையானதாகவும் இருக்க வேண்டும். இதைப் பேச்சின் உள்ளடக்கத்துக்கே பொருத்தி, 'பொறியாளரை லஞ்சம் வாங்கியவர் என்றது இன்றியமையாததா?' என்று யாராவது கேட்கத் தொடங்கினால், 1970-இல் தோற்ற அதே வாதம் பின்கதவு வழியாக உள்ளே வந்துவிடும். லஞ்சத்துக்காக வகுத்த அளவுகோல் லஞ்சத்தோடு நிற்க வேண்டும்.

இனித் துண்டறிக்கை. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அவையின் அதிகாரத்தின் கீழ் வெளியிடுபவற்றுக்கு மட்டுமே 194-ஆவது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. உறுப்பினர் சொந்தச் செலவில் அச்சடித்தது அதில் சேராது. மேற்கு வங்க உறுப்பினர் ஜதீஷ் சந்திர கோஷ், அரசு அதிகாரி ஒருவரைப் பற்றிக் கேள்விகள் கொடுத்தார். பேரவைத் தலைவர் அவற்றை அனுமதிக்கவில்லை. அவர் அவற்றை 'ஜனமத்' என்ற பத்திரிகையில் வெளியிட்டார். அதிகாரி தொடுத்த அவதூறு வழக்கில், சிறப்புரிமை அவருக்கு உதவாது என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 'அது அவையில் கேட்கப்படாத கேள்வி, நான் அவையில் பேசியதைத்தானே அச்சடித்தேன்' என்று நம் உறுப்பினர் வாதிடலாம். அதற்கு 1813-லேயே இங்கிலாந்தில் பதில் இருக்கிறது. வரித்துறை அதிகாரி ஒருவரைப் பற்றி நாடாளுமன்றத்தில் தாம் பேசியதைப் பத்திரிகைகள் தவறாக வெளியிட்டதால், சரியான வடிவத்தை அச்சிடக் கொடுத்தார் தாமஸ் கிரீவி. அவருக்கு 100 பவுண்டு அபராதம். திருத்தம் என்ற நல்ல நோக்கம்கூட அவரைக் காப்பாற்றவில்லை. சற்றுக் கடுமையான தீர்ப்புதான், ஆனால் தத்துவம் சரி. அவைக்குள் சொன்னால் அமைச்சர் பதில் சொல்வார், தலைவர் தடுப்பார், மற்ற உறுப்பினர்கள் மறுப்பார்கள். தெருவில் கொடுக்கும் தாளுக்கு அந்தக் கட்டுப்பாடு ஒன்றும் இல்லை.

பத்திரிகைகளின் நிலை வேறு. 44-ஆவது திருத்தம் சேர்த்த 361-ஏ பிரிவு, அவை நடவடிக்கையைத் தீய நோக்கமின்றிப் பெருமளவு உண்மையாகத் தரும் செய்திக்கு நீதிமன்ற வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. ஆனால் நீக்கிய பகுதியை வெளியிட்டால் அவையே உரிமை மீறலாகக் கருதலாம். அவையின் அந்த அதிகாரத்தை 1958-இன் சர்ச்லைட் தீர்ப்பு நிலைநிறுத்தியிருக்கிறது.

மிகக் கடினமானது நடுவில் உள்ள அந்த ஒற்றை வாக்கியம். "உள்ளே சொன்னதிலிருந்து நான் பின்வாங்கவில்லை." நியூசிலாந்தில் இதேதான் நடந்தது. 1997-இல் ஓவன் ஜென்னிங்ஸ் என்ற உறுப்பினர், கம்பளி வாரிய அதிகாரி ஒருவர்மீது அவையில் குற்றம் சாட்டினார். பிறகு ஒரு பத்திரிகையிடம், அதிலிருந்து பின்வாங்கவில்லை என்ற பொருளில் பேசினார். குற்றச்சாட்டை வெளியே திரும்பச் சொல்லவில்லை. ஆயினும் அதைச் சொல்லாமல் சொல்லிவிட்டார் என்று நீதிமன்றங்கள் கருதின. 2004-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதை உறுதி செய்தது. நியூசிலாந்து நாடாளுமன்றம் 2014-இல் தனிச் சட்டம் இயற்றி அந்தக் கொள்கையை ரத்து செய்தது.

யார் பக்கம் நிற்பது? பிரிவி கவுன்சிலின் தர்க்கத்தில் வலு உண்டு. அவைக் குறிப்பு என்ன சொன்னது என்று தெரிந்துகொள்ளத்தான் பார்க்கிறோம், பேச்சுக்குத் தண்டிக்கவில்லை என்றார்கள். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? வாசலில் சொன்ன வாக்கியத்தில் மட்டும் அவதூறு எதுவும் இல்லை. முள் முழுவதும் அவைப் பேச்சில்தான் இருக்கிறது. அதை எடுத்து இதில் ஒட்டினால்தான் வழக்கே பிறக்கிறது. அவ்வாறு ஒட்டுவது, அவையில் பேசியதற்காகவே நடவடிக்கை எடுப்பதாகும். 194-ஆவது பிரிவு தடுப்பது அதைத்தான். மேலும், கேள்வி கேட்ட நிருபரிடம் உறுப்பினர் என்ன சொல்ல முடியும்? மௌனம் காத்தால் பயந்துவிட்டார் என்பார்கள், மறுத்தால் அவையில் பொய் சொன்னவர் ஆவார்.

ஆகவே நான் வைக்கும் சோதனை இது. அவையில் என்ன பேசினார் என்றே தெரியாத ஒருவர், வெளியே சொன்ன வார்த்தையை மட்டும் கேட்டு, பொறியாளர் லஞ்சம் வாங்கியதாகப் புரிந்துகொள்வாரா? புரிந்துகொள்வார் என்றால் வழக்கு நிற்கும். இல்லையென்றால் நிற்காது. நம் உறுப்பினரின் வாசல் பேச்சு தப்பிக்கிறது. "ஆமாம், அந்தப் பொறியாளர் பணம் வாங்கினார்தான்" என்று ஒரு வாக்கியம் கூட்டியிருந்தால் தப்பித்திருக்காது.

துண்டறிக்கைக்கு மட்டும் வழக்கு நிற்கும் என்றால், துண்டறிக்கை அடிக்காத உறுப்பினரால் காயப்பட்டவருக்கு என்ன வழி? உரிமைக் குழு அவையின் மாண்பைக் காக்கவே இருக்கிறது. வெளியில் உள்ளவரின் பெயரைக் காக்க அல்ல. ஆஸ்திரேலியாவின் செனட் 1988-இல் இதற்கு ஒரு தீர்மானம் போட்டது. அவையில் பெயர் குறிப்பிட்டுப் பாதிக்கப்பட்ட குடிமகன் தன் மறுப்பை எழுதி அனுப்பலாம். குழு பரிசீலித்து ஏற்றால் அந்த மறுப்பு அவை ஆவணத்திலேயே இடம்பெறும். குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்று குழு தீர்ப்புச் சொல்வதில்லை. யாருடைய பேச்சுரிமையும் குறைவதில்லை, நீதிமன்றமும் உள்ளே வருவதில்லை. இதற்கு அரசியலமைப்புத் திருத்தம் வேண்டாம். அவை தன் விதிகளில் ஒரு விதியைச் சேர்த்தால் போதும். எல்லையற்ற பாதுகாப்பை அனுபவிக்கும் நம் சட்டமன்றங்களும் நாடாளுமன்றமும் அந்த ஒரு விதியை இயற்ற வேண்டும். அடுத்த கூட்டத்தொடரிலேயே அதை முன்மொழியும்படி உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேளுங்கள்.