கூடவே வரும் ஏழு எண்கள்

ஒரு பெரிய அணியின் எண்களையெல்லாம் கூட்ட வேண்டும். சி மொழியில் இதைவிடச் சாதாரணமாக ஒரு புரோகிராம் எழுத முடியாது.

```c
static double a[4096][4096];

for (int i = 0; i < 4096; i++)
    for (int j = 0; j < 4096; j++)
        s += a[i][j];
```

இப்போது அந்த இரண்டு `for` வரிகளை மட்டும் மேலும் கீழுமாக இடம் மாற்றிப் போடுங்கள். அதே எண்கள், அதே 1.68 கோடி கூட்டல்கள். முதலில் எழுதியது நிரை நிரையாக நடக்கிறது, மாற்றியது நிரல் நிரலாக இறங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் இரண்டாவது பல மடங்கு மெதுவாக ஓடும். எத்தனை மடங்கு என்பது மெஷினைப் பொறுத்தது. பத்தைத் தாண்டினாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். பாடப்புத்தக அல்காரிதக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே இருக்கிற சின்னஞ்சிறு நினைவகங்களில், அதாவது கேஷ்களில், இருக்கிறது. அந்த வேலைப்பாட்டை ரசிக்க இதைவிட நல்ல ஜன்னல் எனக்குத் தெரியாது.

நினைவகத்துக்கு நிரையும் தெரியாது, நிரலும் தெரியாது. அதற்கு எல்லாமே ஒரே நீளக் கோடு. சி மொழி அணியின் முதல் நிரையை முழுதாக எழுதிவிட்டு, அதன் வாலில் இரண்டாம் நிரையை ஒட்டுகிறது. ஒரு `double` 8 பைட். ஆகவே `a[0][0]`-க்கு அடுத்து 8 பைட் தள்ளி `a[0][1]` இருக்கும். ஆனால் கண்ணுக்கு நேர் கீழே இருப்பதாக நாம் நினைக்கிற `a[1][0]` இருப்பது 32,768 பைட் தள்ளி. அது நமக்குத்தான் பக்கத்து எண், மெஷினுக்கு வெளியூர்.

பிராசசர் ஓர் எண்ணைக் கேட்டால் ரேமிலிருந்து அந்த 8 பைட் மட்டும் தனியாக வராது. அதைச் சுற்றியுள்ள 64 பைட் ஒரே கட்டாக வரும். இதற்கு கேஷ் லைன் என்று பெயர். இன்டெல், ஏஎம்டி பிராசசர்களில் 64 பைட். ஆப்பிளின் எம் வரிசை சிப்களில் 128. 64 என்று வைத்துக்கொண்டால், ஒன்றைக் கேட்டவனுக்கு ஏழு எண்கள் இலவசமாகக் கூடவே வருகின்றன. நிரையில் நடப்பவன் அந்த ஏழையும் அடுத்தடுத்த ஏழு அடிகளில் எடுத்துக்கொள்கிறான். நிரலில் இறங்குபவன் ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த அடியிலேயே 32,768 பைட் தாண்டிவிடுகிறான். ஏழும் கேஷில் கிடக்கின்றன. அவன் அடுத்த நிரலுக்கு வந்து அவற்றைத் தேடுவதற்குள் இன்னும் 4,095 லைன்கள் உள்ளே வந்தாக வேண்டும். 32 கேபி எல்1 கேஷில் இருப்பதோ மொத்தம் 512 லைனுக்கு இடம். ஏழும் வெளியே தள்ளப்பட்டு வெகு நேரம் ஆகியிருக்கும்.

கணக்காகச் சொன்னால், நிரை நடையில் ஒவ்வொரு லைனும் ஒரே ஒரு முறை எல்1-க்கு வந்தால் போதும்: சுமார் 21 லட்சம் வரவு. நிரல் நடையில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வரவு: 1.68 கோடி. சரியாக எட்டு மடங்கு.

இந்த 64 பைட்டுக்கு வயது அதிகம். கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் 1965-இல் இரண்டே பக்கக் குறிப்பு ஒன்றில், பெரிய மெதுவான நினைவகத்துக்கு முன்னால் சிறிய வேகமான நினைவகம் ஒன்றை வைத்து, கேட்ட சொற்களைத் தானாகவே அதில் சேர்த்துக்கொள்ளும் யோசனையை எழுதினார். 1968-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85-தான் கேஷோடு விற்பனைக்கு வந்த முதல் கம்ப்யூட்டர். அதன் கேஷ் 16 கேபி; அது ரேமிலிருந்து ஒரு முறைக்கு எடுத்து வந்த கட்டு 64 பைட். ஒரு முழு அறையை அடைத்துக்கொண்ட மெஷினின் அளவு இன்றும் மடிக்கணினிக்குள் அப்படியே இருக்கிறது.

எட்டு மடங்கு வரவு என்றால் எட்டு மடங்கு நேரம்தானே, அதற்கு மேல் எப்படிப் போகும் என்று கேட்கலாம். நிரையில் நடப்பவனுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. எல்1-இல் இருப்பதை எடுக்க 4 அல்லது 5 கடிகாரச் சுற்று, எல்2-க்குப் போனால் 14 போல, எல்3-க்கு 40-க்கு மேல், ரேம் வரை போனால் ஏறக்குறைய 80 நானோ நொடி. 3.5 கிகாஹெர்ட்ஸ் பிராசசருக்கு அது 280 சுற்று. ஆனால் வரிசையாக லைன்கள் கேட்கப்படுவதைக் கண்டதும் ப்ரீஃபெட்ச்சர் என்ற பகுதி விழித்துக்கொள்கிறது. கேட்பதற்கு முன்பே அடுத்தடுத்த லைன்களை வரவழைத்துவிடுகிறது. அதனால் நிரை நடையில் பிராசசர் ரேமுக்காகக் காத்திருப்பதே அபூர்வம். அதன் வேகத்தைத் தடுப்பது கூட்டல்தான். ஒரு கூட்டல் முடிந்தால்தான் `s`-இல் அடுத்ததைக் கூட்ட முடியும். பல பிராசசர்களில் அதற்கு 4 சுற்று. 1.68 கோடியை நான்கால் பெருக்கினால் 6.7 கோடிச் சுற்று, அதாவது சுமார் 19 மில்லி நொடி. ரேமின் முழு மந்தமும் ஒரு கூட்டலின் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. கேஷ் அமைப்பின் உச்சக்கட்ட நேர்த்தி என்று நான் நினைப்பது இதைத்தான்.

நிரல் நடையில் இந்தச் சலுகை பறிபோகிறது. ப்ரீஃபெட்ச்சர் பொதுவாக 4 கேபி பேஜ் ஒன்றின் எல்லைக்குள்தான் ஊகிக்கும். இங்கே ஒவ்வோர் அடியும் வேறு பேஜில் விழுகிறது. முகவரியை மொழிபெயர்க்கும் டிஎல்பி அட்டவணையிலும் பெரும்பாலும் 4,096 பேஜுக்கு இடம் இருப்பதில்லை. பல மெஷின்களில் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் என்ற அளவோடு சரி. எனவே எண்ணைத் தேடுவதற்கு முன் அது எங்கே இருக்கிறது என்பதையே தேட வேண்டும். பிராசசர் ஒரே சமயத்தில் பத்துப் பன்னிரண்டு லைன்களுக்குச் சொல்லி வைத்துக் காத்திருப்பதாலும், பல லைன்கள் எல்3-இலேயே அகப்பட்டுவிடுவதாலும் நிலைமை அடியோடு கெடாமல் தப்பிக்கிறது.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, அணியில் எதையாவது எழுதி நிரப்பிவிட்டுக் கூட்டுங்கள். லினக்ஸில் ஒருமுறையும் எழுதப்படாத பேஜை வாசித்தால், பூஜ்யம் நிரம்பிய ஒரே பொதுப் பேஜைத்தான் எல்லா முகவரிக்கும் காட்டும். 128 எம்பி அணி நிஜத்தில் 4 கேபியாகச் சுருங்கி கேஷிலேயே உட்கார்ந்துவிடும். நிரல் நடையின் குற்றம் பாதி மறைந்துபோகும். இரண்டாவது, `double`-க்குப் பதில் `int` வைத்து `-O3` கொடுத்தால், கம்பைலரே சில சமயம் லூப்களை இடம் மாற்றிவிடக்கூடும். `double`-இல் கூட்டும் வரிசை மாறினால் விடையின் கடைசி இலக்கங்கள் மாறலாம் என்பதால் கேட்காமல் மாற்றாது. `-O2` போதும். பிறகு

```
perf stat -e L1-dcache-load-misses ./a.out
```

என்று கொடுத்தால் நிரல் நடைக்கு 1.68 கோடியை ஒட்டிய எண் வரும். நிரை நடைக்கு 21 லட்சத்தையொட்டியோ, ப்ரீஃபெட்ச்சர் முந்திக்கொண்டால் அதற்கும் கீழோ வரும். 50-க்கு 50 அணியில் இதைச் செய்தால் ஒன்றும் தெரியாது. 20,000 பைட் எல்1-இல் முழுதாக அடங்கிவிடும். எப்படி நடந்தாலும் ஒன்றே. ஃபோர்ட்ரான்காரர்கள் மட்டும் எல்லாவற்றையும் தலைகீழாகப் படிக்க வேண்டும். 1957-இல் ஐபிஎம் 704-க்கு வந்த நாளிலிருந்து அது அணியை நிரல் நிரலாகவே அடுக்குகிறது. அங்கே நிரலில் இறங்குபவனே கெட்டிக்காரன்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. அணி 512-க்கு 512 ஆக இருக்கட்டும். நிரலில் இறங்கினாலும் ஒரு நிரலுக்குத் தேவை 512 லைன். எல்1-இல் இருப்பதும் 512 லைனுக்கு இடம். முதல் நிரலில் கொண்டுவந்ததை அடுத்த ஏழு நிரல்களுக்கு வைத்து ஓட்டலாம் என்று தோன்றும். ஓட்ட முடியாது. கேஷுக்குள் ஒரு லைன் நினைத்த இடத்தில் உட்கார முடியாது. கோயில் வாசலில் செருப்பு வைக்குமிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 64 அடுக்கு, அடுக்குக்கு எட்டு இடம், எந்த அடுக்கு என்பதை டோக்கனின் கடைசி இலக்கங்கள் தீர்மானிக்கின்றன. எல்லா டோக்கனும் ஒரே இலக்கங்களில் முடிந்தால் 63 அடுக்கு காலியாக இருக்க, ஒரே அடுக்கில் செருப்பு குவியும். 512 `double` கொண்ட நிரை சரியாக 4,096 பைட். 64 அடுக்கை 64 பைட்டால் பெருக்கினாலும் அதே 4,096. ஆகவே நிரலில் ஒவ்வோர் அடிக்கும் அதே அடுக்கு. 512 லைன்களும் எட்டே இடத்துக்கு முட்டிமோதுகின்றன.

மருந்து இவ்வளவுதான்:

```c
static double a[512][520];
```

யாரும் தொடாத எட்டு நிரல்களைச் சேர்த்திருக்கிறோம். நிரை 4,160 பைட் ஆகிறது. ஒவ்வோர் அடியும் அடுத்த அடுக்குக்கு நகர்கிறது. 64 அடி இறங்கினால் 64 அடுக்கும் ஒரு சுற்று, 512 அடி இறங்கினால் அடுக்குக்கு எட்டாக எட்டுச் சுற்று. கேஷ் விளிம்பு வரை நிரம்புகிறது. மற்ற வேலைகள் தட்டிவிடும் சில லைன்கள் போக மீதி அடுத்த ஏழு நிரல்களுக்கும் உதவும். நினைவகத்தை வீணடித்து வேகம் வாங்குகிற இந்தத் தந்திரத்தைப் புரோகிராமர்கள் பேடிங் என்பார்கள். இரண்டின் அடுக்கில் வரும் அளவுகளைக் கண்டால் கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஒரு பாசம் உண்டு. கேஷுக்கு அந்தப் பாசம் கிடையாது.

லூப்பை மாற்றினால் தீராத வேலைகளும் இருக்கின்றன. அணியை நிரை நிரலாகத் திருப்பிப் போடுவது அப்படிப்பட்டது. `b[j][i] = a[i][j]` என்று எழுதினால், வாசிக்கும் பக்கம் நிரையில் நடந்தால் எழுதும் பக்கம் நிரலில் இறங்கியே தீரும். எந்த `for` மேலே இருந்தாலும் ஒரு பக்கத்துக்கு அடி. இதற்கு அணியை 8-க்கு 8 ஓடுகளாகப் பிரித்து, ஓர் ஓட்டை முழுதாகத் திருப்பிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். ஓர் ஓட்டுக்கு `a`-இலிருந்து எட்டு லைன், `b`-இலிருந்து எட்டு லைன். பதினாறின் 64 பைட்டும் முழுதாகப் பயன்பட்ட பிறகே வெளியேறும். அணி 4096 அளவில் இருந்தால் `a`-இன் எட்டும் ஒரே அடுக்கில் இறங்கும், `b`-இன் எட்டும் அப்படியே. பெரும்பாலான ஓடுகளில் அவை வெவ்வேறு அடுக்குகள். 64-இல் ஓர் ஓட்டில் மட்டும் இரண்டு கூட்டமும் ஒரே அடுக்கில் வந்து மோதும். இரண்டு அணிகளும் பேஜ் எல்லையில் தொடங்கினால் மூலைவிட்டத்தில் இருக்கும் ஓடுகளெல்லாம் அதில் அடக்கம். அந்த ஓட்டை முதலில் 512 பைட் தற்காலிக அணி ஒன்றில் நகலெடுத்துக்கொண்டு, அங்கிருந்து `b`-க்கு எழுதினால் மோதல் தீர்ந்துவிடும்.